ஒரே நூலகம், நான்கு கட்டுரைகள்: 214 மேற்கோள்கள் 196 ஆன கதை

ஆய்வேட்டின் முதல் முழு வரைவை நெறியாளரிடம் கொடுத்து மூன்று நாள் ஆகியிருந்தது. மேற்கோள் பட்டியலில் இரண்டு எண்களைப் பென்சிலால் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "63-உம் 148-உம் ஒரே கட்டுரைதானே? இப்படி இன்னும் எத்தனை இருக்கிறது என்று பாருங்கள்" என்றார். பார்த்தேன். 214 மேற்கோள்களில் 18 இரண்டாம் முறை வந்தவை. ஒன்பது மாலைகள் செலவழித்து அதைச் சரிசெய்த விதத்தை, தவறிய இடங்களையும் சேர்த்து, இங்கே எழுதி வைக்கிறேன்.

என் ஆய்வு தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி நிலத்தடி நீரில் உள்ள ஃபுளோரைடு பற்றியது. நான்கு கட்டுரைகள் எழுதி, அவற்றையே இயல்களாக்கி ஆய்வேட்டைக் கட்டினேன். தனித்தனியாக நான்கின் பட்டியலும் சுத்தமாகவே இருந்தன. ஒரே கோப்பில் சேர்த்த பிறகுதான் இரட்டைப் பதிவுகள் வெளியே வந்தன. மேற்கோள்களுக்கு ஸோட்டெரோவும், எழுதுவதற்கு வேர்டும் பயன்படுத்துகிறேன்.

காரணம் என் பழைய பழக்கம்தான். ஸோட்டெரோவின் தொகுப்புகளைக் கணினியில் இருக்கும் கோப்புறை போலவே நினைத்திருந்தேன். ஒரு கோப்பு இரண்டு கோப்புறைகளில் வேண்டுமென்றால் நகல் எடுக்கத்தானே வேண்டும் என்று எண்ணி, புதிய கட்டுரை தொடங்கும் ஒவ்வொரு முறையும் பழைய தொகுப்பை ஆர்ஐஎஸ் கோப்பாக ஏற்றுமதி செய்து, புதிய தொகுப்பில் இறக்குமதி செய்தேன். இறக்குமதியின்போது ஏற்கெனவே இருக்கும் பதிவுடன் எதுவும் ஒப்பிடப்படுவதில்லை. வரும் ஒவ்வொன்றும் புதிய பதிவாக, தனக்கென்று ஓர் எட்டெழுத்துக் குறியுடன் உட்காரும். வேர்டு கோப்பு அந்தக் குறியை வைத்துத்தான் மேற்கோளை அடையாளம் காண்கிறது. தலைப்பும் ஆசிரியரும் ஒன்றாக இருந்தாலும் குறி வேறு என்றால் அதற்கு அவை இரண்டு நூல்கள். இப்படி நான்கு ஆண்டுகளில் நூலகம் 1,050 பதிவுகளாகப் பெருத்திருந்தது.

உண்மையில் தொகுப்பு என்பது பாட்டுப் பட்டியல் மாதிரி. ஒரே பாட்டு பத்துப் பட்டியல்களில் இருக்கலாம், பாட்டு மட்டும் ஒன்றுதான். My Library-இல் இருக்கும் பதிவை இழுத்துத் தொகுப்பில் விட்டால் நகல் உருவாகாது, ஒரு சுட்டு மட்டும் விழும். ஒரு பதிவைத் தேர்ந்தெடுத்து விண்டோஸில் Ctrl விசையை அழுத்திப் பிடித்தால், அது எந்தெந்தத் தொகுப்புகளில் இருக்கிறதோ அவை இடப்பக்கம் நிறம் மாறிக் காட்டும். முதல் ஆண்டிலேயே இதைச் செய்து பார்த்திருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது.

முதல் மாலை காப்புப்படி எடுத்தேன். ஸோட்டெரோவை மூடிவிட்டு, பயனர் கோப்புறையில் உள்ள Zotero கோப்புறை முழுவதையும் பென்டிரைவில் நகலெடுத்தேன். 3.4 ஜிபி வந்தது. மூடாமல் எடுத்தால் zotero.sqlite கோப்பு பாதி எழுதிய நிலையில் நகலாகிவிடலாம் என்பதால் மூடுவது முக்கியம். வேர்டு கோப்புகளுக்கும் தேதி போட்ட நகல்கள் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த அரை மணியில் ஒரு பெரிய தவறு செய்தேன். நூலகத்தைத் தலைப்பு வரிசையில் அடுக்கி, அடுத்தடுத்து ஒரே தலைப்பு வந்த இடங்களில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை Delete விசையால் நீக்கினேன். சுமார் 40 பதிவுகள் போயின. தொகுப்புக்குள் நின்று Delete அழுத்தினால் அந்தத் தொகுப்பிலிருந்து மட்டும் பதிவு விலகும். My Library-இல் நின்று அழுத்தினால் பதிவே குப்பைத்தொட்டிக்குப் போகும். நான் நின்றது My Library-இல்.

அப்போது எதுவும் தெரியவில்லை, ஏனென்றால் வேர்டு கோப்பு தன் மேற்கோள்களின் விவரத்தைத் தனக்குள்ளேயும் ஒரு படி வைத்திருக்கிறது. பட்டியல் பழையபடியே வந்தது. மூன்றாம் மாலை, ஒரு கட்டுரையில் ஆசிரியர் பெயரின் எழுத்துப்பிழையை நூலகத்தில் திருத்தி, வேர்டில் Refresh கொடுத்தேன். இரண்டாம் இயலில் மட்டும் பிழை அப்படியே நின்றது. அந்த இயல் சுட்டியது நான் நீக்கிய பதிவை. அதே கட்டுரையைப் புதிதாக ஒருமுறை மேற்கோள் காட்டிப் பார்த்தேன், பட்டியலில் இன்னொரு எண் முளைத்தது. இரட்டையைக் குறைக்கப் போய், நூலகத்துடன் தொடர்பறுந்த இரட்டையை உருவாக்கியிருந்தேன்.

குப்பைத்தொட்டியில் 30 நாள் வரை பதிவுகள் இருக்கும், அதன் பிறகு தானாகக் காலியாகும். நான் மூன்று நாளில் கண்டுபிடித்ததால் 40-ஐயும் மீட்டேன். நீக்குவதும் ஒன்றாக்குவதும் வெவ்வேறு செயல்கள் என்பது அன்று உறைத்தது. ஒன்றாக்கும்போது, நின்ற பதிவு விலகிய பதிவின் குறியை "இதற்குப் பதில் நான்" என்று தன்னிடம் எழுதி வைத்துக்கொள்கிறது. பழைய குறியைத் தேடி வரும் வேர்டு கோப்பு புதிய பதிவுக்குத் திருப்பிவிடப்படுகிறது. குறிச்சொற்கள், தொகுப்புகள், குறிப்புகள், இணைத்த பிடிஎஃப் எல்லாமும் நின்ற பதிவுக்கு வந்து சேர்கின்றன. வெறுமனே நீக்கினால் இதில் எதுவும் நடப்பதில்லை.

ஆகவே நான்காம் மாலை முதல் ஒன்றாக்கும் வேலை. இடப்பக்கம் Duplicate Items என்ற வரியைச் சொடுக்கினால் இரட்டை என்று சந்தேகிக்கும் பதிவுகள் வரிசையாக வரும். ஒன்றைத் தொட்டால் அதன் கூட்டம் முழுவதும் தேர்வாகும். வலப்பக்கம், எந்தப் படி தலைமைப் பதிவாக நிற்க வேண்டும் என்று கேட்கும். விவரங்கள் மாறுபடும் இடங்களில் எதை எடுப்பது என்று தனித்தனியே தேர்ந்தெடுக்கலாம். எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் ஒன்றாக்கும் பொத்தான் கிடையாது. முதலில் அலுப்பாக இருந்தது, பிறகு அது நல்லதுக்குத்தான் என்று பட்டது. 173 கூட்டங்கள், மூன்று மாலைகள். டிஓஐ உள்ள படியையே தலைமையாக வைத்தேன். பக்க எண்கள் விடுபட்ட படிகள் நிறைய இருந்தன, அவற்றை அங்கேயே நிரப்பினேன்.

அந்த வரிசையில் வராமல் ஒளிந்திருந்தவையே அதிக நேரம் எடுத்தன. முதலாவது, வகை மாறிய பதிவுகள். குடிநீருக்கான இந்தியத் தரம் IS 10500 : 2012 என் நூலகத்தில் மூன்று உருவத்தில் இருந்தது: ஒருமுறை நூலாக, ஒருமுறை அறிக்கையாக, ஒருமுறை இணையப் பக்கமாக. வகை வேறாக இருக்கும் பதிவுகளை ஒன்றாக்க முடியாது. முதலில் மூன்றின் வகையையும் Standard என்று மாற்றி, பிறகு மூன்றையும் தேர்ந்தெடுத்து வலச்சொடுக்கில் Merge Items கொடுத்தேன். வகையை மாற்றும்போது சில விவரங்கள் விழுந்துவிடும் என்று எச்சரிக்கை வரும். எவை என்று படித்துவிட்டே சம்மதிக்க வேண்டும்.

இரண்டாவது, நம் பெயர்கள். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டு எழுதும் வழக்கத்தை ஆய்விதழ்த் தளங்கள் விதவிதமாகப் புரிந்துகொள்கின்றன. மு. செல்வம் என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு தளம் Selvam என்பதைக் குடும்பப் பெயராகவும் M. என்பதை இயற்பெயராகவும் தரும். இன்னொரு தளம் M என்பதைக் குடும்பப் பெயராக்கி Selvam என்பதை இயற்பெயராக்கும். டிஓஐ இல்லாத பதிவில், இரட்டையைக் கண்டுபிடிக்கும் முறை தலைப்பு, ஆண்டு ஆகியவற்றுடன் குறைந்தது ஓர் ஆசிரியரின் குடும்பப் பெயரும் இயற்பெயரின் முதலெழுத்தும் பொருந்துகின்றனவா என்று பார்க்கிறது. எல்லா ஆசிரியர்களும் தமிழர்களாக இருந்து, எல்லாப் பெயர்களும் தலைகீழாக வந்துவிட்டால் பொருத்தம் கிடைக்காது. தமிழ்நாட்டு நிலத்தடி நீர் பற்றிய கட்டுரைகளில் இது அடிக்கடி நடக்கிறது. ஆசிரியர் வரிசையில் நூலகத்தை அடுக்கி, ஒற்றை எழுத்து மட்டுமே குடும்பப் பெயராக நிற்கும் பதிவுகளைத் தேடித் திருத்தினேன். திருத்திய உடனே அவற்றில் பல தாமாக Duplicate Items வரிசைக்கு வந்தன. இந்த இரண்டு வழியிலும் 29 கூட்டங்கள் சிக்கின. நூலகம் 831-க்கு இறங்கியது.

இந்த வேகத்தில் இரண்டாம் பெரிய தவறும் நடந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர்த் தர வழிகாட்டி என்னிடம் இரண்டு பதிவுகளாக இருந்தது. இரண்டும் நான்காம் பதிப்புதான். ஒன்று முதல் இணைப்புடன் 2017-இல் வந்தது, மற்றது முதல், இரண்டாம் இணைப்புகளுடன் 2022-இல் வந்தது. ஸோட்டெரோ இவற்றை இரட்டை என்று காட்டவில்லை. நானே கையால் தேர்ந்தெடுத்து ஒன்றாக்கினேன். ஃபுளோரைடுக்கான வழிகாட்டி அளவு இரண்டிலும் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் என்பதால், எனக்கு இரண்டும் ஒன்றே என்று தோன்றியது. விளைவு, 2019-இல் அச்சான என் முதல் கட்டுரையின் இயல், மூன்று ஆண்டுகள் கழித்து வெளியான நூலை மேற்கோள் காட்டியது. பக்க எண் மட்டும் பழைய நூலுடையது. அந்த எண்ணை வைத்து 2022 நூலைத் திறந்து பார்த்தபோது அங்கே வேறு ஒரு வேதிப்பொருளைப் பற்றி எழுதியிருந்தது.

குப்பைத்தொட்டியிலிருந்து 2017 பதிவை மீட்டதும் முதல் இயல் தன் பழைய நூலுக்குத் திரும்பியது. பிடிஎஃப் மட்டும் 2022 பதிவுடன் தங்கிவிட்டது, அதை இழுத்துக் கொண்டுவந்து சேர்த்தேன். நீரைச் சோதிக்கும் முறைகளுக்கான அமெரிக்கக் கையேட்டின் 22-ஆம் பதிப்பும் (2012) 23-ஆம் பதிப்பும் (2017) இதே வகை. முதல் இரண்டு கட்டுரைகளின் மாதிரிகளை 22-ஆம் பதிப்பின்படி சோதித்தோம், பிந்தையவற்றை 23-இன்படி. பட்டியலில் இரண்டும் இருப்பதுதான் உண்மை. இப்படிப்பட்ட பதிவுகளுக்கு "ஒன்றாக்காதே" என்று ஒரு குறிச்சொல் வைத்து, சிவப்பு நிறமும் கொடுத்தேன். நிறம் கொடுத்த குறிச்சொல்லின் புள்ளி தலைப்புக்கு முன்னாலேயே தெரியும், கை அங்கே தயங்கும்.

குறிச்சொல் என்று வந்ததால், அதில் செய்த குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். முன்பு "கட்டுரை-2", "மேற்கோள் காட்டியது", "அறிமுகப் பகுதி" என்றெல்லாம் குறிச்சொற்கள் வைத்திருந்தேன். நகல்கள் இருந்தவரை அது ஓடியது. பதிவுகள் ஒன்றானதும் குறிச்சொற்களும் ஒரே இடத்தில் குவிந்தன. "மேற்கோள் காட்டியது" என்றால் எந்தக் கட்டுரையில்? "அறிமுகப் பகுதி" என்றால் எதன் அறிமுகம்? பதில் இல்லை. குறிச்சொல் பதிவோடு ஒட்டி, அது போகும் தொகுப்புக்கெல்லாம் கூடவே வருகிறது. அதனால் அந்தப் படைப்பைப் பற்றி எப்போதும் உண்மையாக இருப்பது மட்டுமே குறிச்சொல்லாகலாம் என்று வரையறுத்தேன். "தருமபுரி", "கிருஷ்ணகிரி", "அயனி மின்முனை", "ஒன்றாக்காதே", "சரிபார்த்தது" போன்று மொத்தம் 14. "சரிபார்த்தது" என்றால் ஆசிரியர், ஆண்டு, பக்கம், டிஓஐ நான்கையும் மூலத்துடன் ஒப்பிட்டேன் என்று பொருள். எந்தக் கட்டுரையில் இருந்தாலும் அது மாறாது. தளங்களிலிருந்து பதிவோடு தாமாக வந்து ஒட்டிக்கொண்ட ஆயிரக்கணக்கான குறிச்சொற்களை ஒரேயடியாக அழித்தேன். அமைப்புகளில் அதற்கான தேர்வையும் நீக்கிவிட்டேன்.

ஒரு குறிப்பிட்ட கட்டுரையுடன் அந்தப் படைப்புக்கு இருக்கும் உறவு தொகுப்பின் வேலை. "கட்டுரை-1" முதல் "கட்டுரை-4" வரை நான்கு தொகுப்புகள், ஒவ்வொன்றின் கீழும் "மேற்கோள்", "பரிசீலனை" என இரண்டு உள்தொகுப்புகள். எடுத்துக்காட்டாக IS 10500 இப்போது நூலகத்தில் ஒரே பதிவு. நான்கு கட்டுரைகளின் மேற்கோள் தொகுப்புகளிலும் அதற்குச் சுட்டு இருக்கிறது. ஒரு சேமித்த தேடலும் வைத்திருக்கிறேன்: தொகுப்பு "கட்டுரை-4"-இன் கீழுள்ள "மேற்கோள்" ஆகவும், குறிச்சொல் "சரிபார்த்தது" அல்லாததாகவும் இருக்கும் பதிவுகள். அது காலியானால் கட்டுரையை அனுப்பலாம். ஆனால் வேர்டில் வரும் பட்டியல் தொகுப்பிலிருந்து உருவாவதில்லை, உரைக்குள் காட்டிய மேற்கோள்களிலிருந்து மட்டுமே உருவாகிறது. தொகுப்பில் இருந்து பட்டியலில் வராதவையும், அவசரத்தில் நேரடியாகச் செருகித் தொகுப்பில் சேர்க்க மறந்தவையும் உண்டு. அனுப்புமுன் இரண்டின் எண்ணிக்கையையும் ஒப்பிடுகிறேன்.

இத்தனைக்குப் பிறகும் ஆய்வேட்டில் Refresh கொடுத்தால் ஆறு இரட்டைகள் பாக்கி இருந்தன. நூலகத்தில் தேடினால் ஒவ்வொன்றும் ஒற்றையாகவே நின்றது. ஒரு மாலை முழுவதும் அதில் போனது. ஆறும் மூன்றாம் இயலைத் தொட்டவை என்பதைப் பிறகுதான் கவனித்தேன். மூன்றாம் கட்டுரையை இன்னும் இரண்டு பேருடன் சேர்ந்து எழுதியதால், ஒரு குழு நூலகம் வைத்திருந்தோம். குழு நூலகத்தில் இருப்பது சுட்டு அல்ல, தனிப் பதிவு. என் நூலகத்திலிருந்து அங்கே இழுத்தால் உண்மையிலேயே நகல் உருவாகிறது, அதற்கு வேறு குறி. இரண்டு நூலகங்களுக்கு இடையே ஒன்றாக்கவும் வழியில்லை.

எந்தக் கோப்பில் எந்த நூலகத்தின் மேற்கோள்கள் இருக்கின்றன என்று கண்டுபிடிக்க ஒரு சிறு கட்டளை உதவியது. வேர்டு கோப்பு உண்மையில் ஒரு சிப் கோப்புதான், உள்ளே மேற்கோள்களின் முகவரிகள் எழுத்தாகவே இருக்கின்றன. விண்டோஸுக்குள் உபுண்டு நிறுவியிருந்ததால் இப்படிக் கொடுத்தேன்:

```
unzip -p iyal3.docx word/document.xml |
grep -oE 'zotero.org/(users|groups)/[0-9]+' |
sort | uniq -c
```

என் நூலகத்திலிருந்து வந்தவை users என்றும், குழுவிலிருந்து வந்தவை groups என்றும், ஒவ்வொன்றும் எத்தனை முறை என்ற எண்ணுடன் வரும். வேர்டு சில சமயம் நீண்ட வரியைத் துண்டாக்கிச் சேமிப்பதால் எண்ணிக்கை துல்லியமாக இருக்காது. ஆனால் கலப்பு இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். மற்ற மூன்று இயல்களுக்கும் ஒரே வரி வந்தது. மூன்றாம் இயலுக்கு இரண்டு வரிகள்: users 74, groups 31. அடிக்குறிப்பில் மேற்கோள் காட்டுபவர்கள் word/footnotes.xml கோப்பையும் இதேபோல் பார்க்க வேண்டும்.

31 இடங்களையும் ஒவ்வொன்றாகச் சொடுக்கி, குழுப் பதிவை எடுத்துவிட்டு என் பதிவை வைத்தேன். குறுக்குவழி எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. மேற்கோள் செருகும் பெட்டியில் தேடும்போது முடிவுகள் நூலக வாரியாகத் தலைப்பிட்டு வரும். அவற்றுக்கு மேலே Cited என்ற தலைப்பின் கீழ், அந்தக் கோப்பில் ஏற்கெனவே காட்டிய பதிவுகள் வரும். அங்கே இருந்தால் அதையே எடுப்பது என்று பழகிக்கொண்டேன்.

கடைசிச் சோதனை பென்சில் வட்டங்களிலிருந்து தோன்றியது. எண் வரிசை நடையில் 63-உம் 148-உம் பல பக்கங்கள் தள்ளி நிற்கின்றன, கண்ணில் படுவது தற்செயல். அதனால் Document Preferences போய், நடையைத் தற்காலிகமாக ஏபிஏ ஆக்கினேன். பட்டியல் அகர வரிசைக்கு மாறி, இரட்டைகள் இருந்தால் அடுத்தடுத்து வந்து உட்காரும். உரைக்குள் 2018a, 2018b என்று ஆண்டுக்குப் பின்னால் எழுத்து வந்த இடங்களை மட்டும் தேடினேன். ஒரே ஆசிரியர் ஒரே ஆண்டில் உண்மையிலேயே இரண்டு கட்டுரை எழுதியிருந்தாலும் இது வரும், ஆகவே ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க வேண்டும். இன்னோர் அடையாளம், காரணமில்லாமல் பெயருக்கு முன்னால் முதலெழுத்து முளைப்பது. ஒரே நபரின் பெயர் நூலகத்தில் இரண்டு விதமாக எழுதப்பட்டிருந்தால், நடை அவர்களை இரண்டு பேராக எண்ணி முதலெழுத்தால் பிரித்துக் காட்டுகிறது. இந்த வழியில் பதினொரு பெயர்களைத் திருத்தினேன். பிறகு பழைய நடைக்குத் திரும்பினேன். பட்டியல் 196-இல் முடிந்தது. நீங்கிய 18-இல் பத்து என் ஆர்ஐஎஸ் நகல்களால் வந்தவை, ஆறு குழு நூலகத்தால், இரண்டு தலைகீழ்ப் பெயர்களால்.

பணம் செலவாகவில்லை. பதிவுகளை ஒத்திசைக்கக் கட்டணம் கிடையாது. பிடிஎஃப் கோப்புகளுக்கு இலவசமாகக் கிடைப்பது 300 எம்பி, ஆண்டுக்கு 20 டாலர் கட்டினால் 2 ஜிபி. என்னிடம் இருப்பது அதிலும் அடங்காது என்பதால் பிடிஎஃப்களை மடிக்கணினியிலேயே வைத்து, மாதம் ஒருமுறை வெளி வன்தட்டில் நகலெடுக்கிறேன்.

மறுபடி செய்வதானால் வரிசையை மாற்றுவேன். நூலகத்தில் கைவைக்கும் முன்பே நான்கு இயல்களுக்கும் அந்தக் கட்டளையைக் கொடுத்து, நூலகக் கலப்பு எங்கே என்று பார்த்திருப்பேன். வீணான ஒரு மாலை மிச்சமாகியிருக்கும். ஒன்றாக்கும் முன்பே ஆசிரியர் பெயர்களைத் திருத்துவேன். பதிப்பு மாறும் கையேடுகளுக்குச் சிவப்புக் குறிச்சொல்லை முதல் நாளே வைப்பேன். சேர்ந்து எழுதும் கட்டுரையில் எல்லோரும் குழு நூலகத்திலிருந்து மட்டுமே மேற்கோள் காட்டுவது, ஆய்வேட்டுக்குக் கொண்டுவரும்போது ஒரே அமர்வில் அனைத்தையும் என் பதிவுகளாக மாற்றுவது என்று இணை ஆசிரியர்களிடம் பேசி வைத்திருக்கிறேன்.

ஐந்தாம் கட்டுரைக்குப் போன வாரம் தொகுப்பு திறந்தேன். முதல் நாளில் அதில் 46 சுட்டுகள் விழுந்தன. நூலகத்தில் புதிதாகச் சேர்ந்தவை மூன்று.